சர்க்கரை வரிக்கு மேல் வரி

எலவனாசூர்கோட்டைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை இது. நீரிழிவு உள்ள பாட்டிக்குப் பேரன் பிஸ்கட் உறையில் சர்க்கரை வரியைக் காட்டுகிறான்.

"நூறு கிராமுக்கு 24 கிராம் ஆயா. இந்த பாக்கெட் 50 கிராம். அப்போ 12 கிராம், மூணு ஸ்பூன்!"

"நான் டீக்குக்கூட சர்க்கரை போடறதில்லையேடா!"

கதை இங்கே முடியக் கூடாது. அதற்கு மேல் வரியில் கார்போஹைட்ரேட் 70 என்றிருக்கும். பாக்கெட்டுக்கு 35 கிராம். சர்க்கரையும் அதில் அடக்கம். மீதி பெரும்பாலும் மைதா. அதுவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். 'சர்க்கரை சேர்க்காதது' என்ற பிஸ்கட்டிலும் அந்த வரியைப் பாருங்கள்.

பாட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஆனால் விதிப்படி உறையில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. அந்த இரண்டு வரிகளையாவது தமிழில் அச்சிடச் சொல்லி விதியை மாற்ற வேண்டும்.