எண் பட்டியல் வேண்டாம். இரண்டு கீ போதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களிடம் யாராவது ஒரு நீளமான பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆல்ட் கீயை அழுத்திக் கொண்டு இந்த எண்ணைத் தட்டினால் இந்தக் குறியீடு வரும் என்று அதில் நூறு வரிகள் இருக்கும். அதை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கருத்து.

ரூபாய் குறியீட்டையே எடுத்துக் கொள்வோம். 2010ல் அறிவிக்கப்பட்ட இதன் எண் 8377. ஆல்ட் கீயுடன் இதை வலது பக்க எண் பகுதியில்தான் தட்ட வேண்டும். பல லேப்டாப்களில் அந்தப் பகுதியே கிடையாது. இருந்தாலும், சில புரோகிராம்களில் ₹ வராமல் ╣ என்று வரும். அவை 256க்கு மேற்பட்ட எண்ணை 256ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக் கொள்கின்றன. 8377ல் மீதி 185. அந்த இடத்தில் இருப்பது இந்தக் கோடுகள்தான்.

இதற்குப் பதில் இரண்டு வழிகளைக் கற்றால் போதும். முதலாவது, விண்டோஸ் கீயுடன் முற்றுப்புள்ளிக் கீயை அழுத்துவது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எமோஜிக் கட்டம் திறக்கும். கர்சர் எழுதும் இடத்தில் இருக்க வேண்டும். கட்டத்தின் மேலே குறியீடுகளுக்கான பிரிவும் உண்டு. ₹, °, ½ போன்றவை அங்கே கிடைக்கும். எப்போதாவது தேவைப்படுபவற்றுக்கு இது நல்லது.

ஆனால் தினமும் ரசீது தயாரிப்பவர் ஒவ்வொரு முறையும் கட்டத்தைத் திறந்து தேட முடியுமா? அவருக்கு இரண்டாவது வழி: வலது ஆல்ட் கீயுடன் 4. "வாடகை ₹8,500" என்று நிறுத்தாமல் அடிக்கலாம். குறியீடு வரவில்லையா? உங்கள் கீ போர்டு அமைப்பு அமெரிக்காவுடையதாக இருக்கலாம். விண்டோஸ் 11ல் Settings > Time & language > Language & region சென்று, Add a language மூலம் English (India) சேர்த்திடுங்கள். பின் விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி அதற்கு மாறுங்கள்.

போனில் இன்னும் எளிது. எண் கீகள் உள்ள பக்கத்திற்குச் சென்று, அங்கே டாலர் குறியீடு இருந்தால் அதைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். மேலே தோன்றும் வரிசையில் ₹ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2010க்கு முன் வந்த பழைய எழுத்துருக்களில் இந்தக் குறியீடு இல்லை. திரையில் வெறும் கட்டம் தெரிந்தால் கீ போர்டைச் சந்தேகிக்க வேண்டாம். அந்த ஒரு எழுத்தைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை Nirmala UI என மாற்றுங்கள். ரசீதை அச்சடிக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.