காதுக்கு அகரம், கைக்கு டகரம்

டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், மழலைக்கு இன்று முதல் ஆசான் காணொளியே. திரையில் 'அ' துள்ளி வரும். குரல் மும்முறை ஒலிக்கும். பின்பு, "எழுதிப் பார்" என்று சில நொடிகள் படம் நிற்கும். அந்த நிறுத்தத்தில்தான் எனக்கு மாறுபாடு.

அகரம் காதுக்கு எளிது, கைக்கோ கடினம். சுழித்து, வளைந்து, குறுக்கே ஓடி, நேர்கோடாக இறங்க வேண்டும். மூன்று வயது விரல் பாதி வழியில் தவிக்கையில் படம் 'ஆ'வுக்குத் தாவிவிடுகிறது. 'ட' அப்படியன்று. மேலிருந்து இறங்கி வலப்புறம் திரும்பினால் போதும். அக்கோட்டையே மேலே ஏற்றினால் 'ப'. ஏறியதை உள்நோக்கி வளைத்து இறக்கினால் 'ம'. இம்மூன்றையும் கற்ற குழந்தைக்குப் 'படம்', 'மடம்' என்ற சொற்களுக்கு ஒரு புள்ளிதான் பாக்கி.

ஆகவே, பாட்டும் ஒலியும் அகர வரிசையிலேயே செல்லட்டும்; வரையும் நிறுத்தம் மட்டும் ட, ப, ம என்று தொடங்கட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தனியே வல்லொலியாகக் கேட்கும் 'ட', 'படம்' என்கையில் தணிந்து ஒலிக்கிறது. இந்தியில் இவ்விரு ஒலிக்கும் இரண்டு எழுத்துகள். அதைக் கேட்டு வளரும் குழந்தை மயங்கும். எனவே எழுத்தோடு சொல்லையும் சேர்த்தே திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டும்.

காணொளிக்குக் குழந்தையின் விரல் தெரியாது. 'ப'வை வலப்புறமிருந்து தொடங்கினாலும் "சபாஷ்!" என்றே கூறும். அருகிலிருப்பவர்தான் படத்தை நிறுத்தி, அந்தச் சிறு விரலை இடப்புற உச்சியில் எடுத்து வைக்க வேண்டும்.