48,500 ரூபாய் எங்கே போயிற்று?

அனுமந்தன்பட்டியிலிருந்து நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய புதல்வி தேனிப் பக்கத்து நூல் மில் ஒன்றில் 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் 40 மாதம் வேலை பார்த்து விலகினாளாம். பிராவிடெண்டு பண்டுக் கணக்கின் பாஸ்புத்தகத்தைக் கூட்டினால் 1,25,000 ரூபாய் வருகிறது. பாங்கிக்கு வந்ததோ 76,500. “மீதியை விழுங்கியது யார்?” என்று கேட்கிறார். ஒருவரும் விழுங்கவில்லை. கணக்கைப் பார்ப்போம்.

பாஸ்புத்தகத்தில் மூன்று பத்திகள் உண்டு. முதலாவது பெண்ணின் பங்கு, மாதம் 1,440 ரூபாய். முதலாளியும் அதே தொகையைச் செலுத்துகிறார். ஆனால் அதில் 1,000 ரூபாய் பென்ஷன் பத்திக்குப் போய்விட, 440 ரூபாய்தான் பண்டில் சேர்கிறது. பண்டின் இரண்டு பத்திகளும் வட்டியுடன் 85,000 ரூபாய் ஆயின. பென்ஷன் பத்தியிலுள்ள 40,000 ரூபாய்க்கு வட்டி கிடையாது. பண்டு மனுவில் அது வரவும் வராது. பத்தாண்டு சேவை நிறையாதவர் அதற்கெனத் தனியே மனுச் செய்ய வேண்டும். அப்பொழுதும் பத்தியிலுள்ள தொகை அப்படியே கிடைக்காது; சேவைக் காலத்தையும் கடைசிச் சம்பளத்தையும் கொண்டு ஓர் அட்டவணைப்படி கணக்கிட்டுத் தருவார்கள்.

எஞ்சிய 8,500 ரூபாய் வருமான வரி. ஐந்தாண்டு சேவை நிறையுமுன் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் நூற்றுக்குப் பத்து பிடிப்பார்கள். இந்தப் பெண்ணின் மொத்த வருமானத்துக்கு வரியே கிடையாது என்றால், அதற்கான உறுதிமொழிப் படிவத்தை மனுவுடனேயே இணைத்திருக்கலாம். இனி வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து அத்தொகையைத் திரும்பப் பெறலாம். முன்பு வேறு மில்லில் இரண்டாண்டு வேலை பார்த்து, அந்தக் கணக்கை முதலிலேயே இதனுடன் மாற்றிச் சேர்த்திருந்தால் சேவை 64 மாதமாகியிருக்கும். வரிப் பிடித்தமே இராது.

நிற்க. மனுவின் நிலையைப் பார்ப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். Under Process என்றால் பரிசீலனையில் இருக்கிறது. Rejected என்றால் காரணமும் அருகிலேயே இருக்கும். பெயர் வேறுபாடும், விலகிய தேதியை மில் பதியாததும் அடிக்கடி காண்பவை. Settled என்பது அலுவலகம் தொகையை அனுமதித்து அனுப்பிவிட்டது என்பதே. பாங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதல்ல. சில நாளில் வரவில்லையானால், கொடுத்த பாங்கிக் கணக்கையும் IFSC எண்ணையும் சோதியுங்கள். சிண்டிகேட் பாங்கி 2020இல் கனரா பாங்கியுடன் இணைந்தது போன்ற இணைப்புகளால் பழைய எண் செல்லாமற் போயிருக்கலாம். பணம் அலுவலகத்துக்கே திரும்பியிருந்தால், திருத்திய விவரத்தைக் கொடுத்து மீண்டும் அனுப்பச் சொல்ல வேண்டும்.

நேயர் செய்யவேண்டியவை இரண்டே: பென்ஷனுக்குத் தனி மனு, 8,500 ரூபாய்க்கு வரிக் கணக்கு.