‘சார்’ என்று அழைக்கப்படும் ஆசிரியைகள்: தென்கேரளத்தில் பொருந்தாத ஓர் உத்தரவு

பாலராமபுரம்: கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை முதல் பாறசாலை வரையிலான பகுதியில், வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியையை மாணவர்கள் ‘சாரே’ என்று அழைப்பது புதிதல்ல. திருவனந்தபுரம், கொல்லம் வட்டாரங்களில் ஆண், பெண் இருபாலருக்கும் ‘சார்’ என்ற ஒரே சொல் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் கேரள மாநில குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் பிறப்பித்த ஓர் உத்தரவு, இந்த வழக்கத்தை எதிர்பாராத வகையில் கேள்விக்குள்ளாக்கியது.

பள்ளிகளில் ஆசிரியர்களை ‘சார்’, ‘மேடம்’ என்று பாலின அடிப்படையில் அழைப்பதைக் கைவிட்டு, அனைவரையும் ‘டீச்சர்’ என்றே அழைக்க வேண்டும் என்பதே அந்த உத்தரவின் சாரம். பாலக்காட்டைச் சேர்ந்த ஒருவர் அளித்த மனுவின் பேரில், ஆணையத்தின் தலைவர் கே.வி. மனோஜ் குமார், உறுப்பினர் சி. விஜயகுமார் ஆகியோர் அடங்கிய அமர்வு இதனைப் பொதுக்கல்வித் துறைக்குத் தெரிவித்தது. ஒரே விளிச்சொல் குழந்தைகளிடையே சமத்துவத்தைப் பேணும் என்றும், ஆசிரியர் மீதான பற்றை வளர்க்கும் என்றும் ஆணையம் கருதியது.

இந்த உத்தரவு பாலக்காட்டு மண்ணில் முளைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தின் மாத்தூர் கிராம ஊராட்சி, அலுவலர்களைப் பொதுமக்கள் ‘சார்’, ‘மேடம்’ என அழைக்க வேண்டியதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதைத் தொடர்ந்து அதே மாவட்டத்தின் ஓலச்சேரி பள்ளி, 2022 தொடக்கத்தில் ஆசிரியர்கள் அனைவரையும் ‘டீச்சர்’ என அழைக்கும் முறைக்கு மாறியது. வடக்கே ஆண் ஆசிரியர் பெரும்பாலும் ‘மாஷ்’. பெண் ஆசிரியர் ‘டீச்சர்’. ‘மாஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தேய்வே ‘மாஷ்’. இவ்வாறு இரு சொற்கள் பிரிந்து நிற்கும் இடத்தில், ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைப் பொதுவாக்குவது புரிந்துகொள்ளக்கூடிய தீர்வாகும்.

தெற்கே நிலைமை வேறு. உத்தரவு நீக்க விரும்பும் ‘சார்’ இங்கு நடைமுறையில் ஏற்கெனவே பொதுச்சொல்லாக இருக்கிறது. மாறாக, பொதுச்சொல்லாக முன்வைக்கப்படும் ‘டீச்சர்’, மலையாளத்திலும் தமிழிலும் பெண் ஆசிரியரையே முதலில் நினைவூட்டுகிறது. முன்னாள் சுகாதார அமைச்சர் கே.கே. ஷைலஜாவை மக்கள் ‘ஷைலஜா டீச்சர்’ என்று அழைப்பதும் இதனால்தான். ஆங்கில அகராதியில் பாலினமற்றதாக இருக்கும் சொல், கடல் கடந்து வந்தபின் பாலினம் பெற்றுவிட்டது. அகராதியில் ஆணுக்குரியதாக இருந்த சொல் பாலினத்தை இழந்துவிட்டது. ஆணையம் அகராதியைப் பார்த்தது. வகுப்பறை வேறு பொருளை வழங்கிக்கொண்டிருந்தது.

ஆணைக் குறித்த ஒரு சொல் பெண்ணையும் எளிதில் குறிப்பதற்கு மலையாள இலக்கணமும் இடம் தருகிறது. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் எதையும் காட்டுவதில்லை. ‘சார் வந்நு’ என்று மலையாளத்தில் சொன்னால், வந்தவர் ஆணா பெண்ணா என்பது அவ்வினையில் தெரியாது. எனவே ‘சார்’ பெண்ணைக் குறிக்கும்போது வாக்கியத்தில் எந்த முரணும் எழுவதில்லை.

எல்லையைத் தாண்டி களியக்காவிளைக்கு வந்தால், மொழி இவ்வளவு எளிதாக இடம் கொடுப்பதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாகாணத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஒரே பேருந்துப் பயணத்தில் கடக்கக்கூடிய இந்தக் கோட்டின் தமிழகப் பக்கத்தில், வினைமுற்றே பாலை வெளிப்படுத்திவிடுகிறது. எழுத்துத் தமிழில் ‘ஆசிரியர் வந்தார்’ என்பது இருபாலருக்கும் பொருந்தும். ஆனால் பேச்சுத் தமிழில் பரவலாக ‘சார் வந்தாரு’, ‘டீச்சர் வந்தாங்க’ என்றே சொல்வார்கள். ‘வந்தாரு’ என்பது ஆணுக்கே உரியதாகிவிட்டதால், ஆசிரியையை ‘சார்’ என்றழைக்கத் தொடங்கினாலும் அடுத்த சொல்லில் தடுமாற்றம் வரும். ‘சார் வந்தாங்க’ என்று சொல்லிச் சமாளிக்கலாம். அவ்வாறு சொல்வோரும் உண்டு. எனினும் பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றி பாலினத்தை அகற்றிவிட முடியாது என்பதைத் தமிழின் வினை உணர்த்துகிறது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மலையாள மாணவர் தம் ஆசிரியரிடம் ‘நிங்ஙள்’ என்று முன்னிலைப் பெயரைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. அந்த இடத்தில் ‘சார்’, ‘டீச்சர்’ என்ற சொல்லே வந்து அமரும். ‘நீங்கள் சொன்னீர்களே’ என்பதற்கு ஈடாக, ‘சார் சொன்னதல்லவா’ என்ற பொருளில் பேசுவார்கள். தமிழ் மாணவருக்கு ‘நீங்க’ கைகொடுக்கிறது. ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘சார்’ என்று ஒருமுறை அழைத்துவிட்டு, பிறகு ‘நீங்க’ என்றே தொடரலாம். மலையாள வகுப்பறையில் விளிச்சொல் பிரதிப்பெயரின் வேலையையும் சேர்த்துச் செய்வதால், அதனை மாற்றுவது ஒரு வணக்கத்தை மட்டும் மாற்றுவதன்று. நாள் முழுவதும் பேசப்படும் வாக்கியங்கள் எல்லாவற்றிலும் அது கைவைக்கிறது.

தமிழில் ‘ஐயா’ என்று அழைத்தால் இச்சிக்கல் தீரும் என்று தனித்தமிழ் ஆர்வலர்கள் சொல்வதுண்டு. ஆனால் ‘ஐயா’வும் தலைமையைக் குறிக்கும் ஆண்பாற் சொல்லே. அதன் இணையாக நிற்கும் ‘அம்மா’ தாயைக் குறிப்பது. ஒருவருக்கு அதிகாரம், மற்றவருக்கு உறவு என்ற ஏற்றத்தாழ்வு அங்கும் இருக்கிறது. மேலும் தென்மாவட்டங்களின் பல குடும்பங்களில் ‘அய்யா’ தந்தையையோ தாத்தாவையோ குறிக்கும்; குமரி மாவட்டத்தில் அச்சொல் சாமிதோப்பு அய்யா வைகுண்டரையும் நினைவூட்டும். அதனை வகுப்பறைக்குள் மட்டும் தனித்து நிறுத்துவது எளிதல்ல. ‘ஆசிரியரே’ என்ற விளியில் பாலினம் இல்லை என்றாலும், தமிழ்நாட்டுச் செவிக்கு அது மேடை நாடக வசனமாகவே ஒலிக்கிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ‘வணக்கம் ஆசிரியரே’ என்பது இயல்பான வாழ்த்தாக இருப்பதைப் பார்க்கும்போது, இந்தச் செயற்கைத்தன்மை சொல்லில் இல்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது என்பது தெளிவாகும்.

ஆங்கிலேயரின் பள்ளிகளிலும் இந்த இணை சமமாக இல்லை. ‘சார்’ என்பது வீரப்பெருமகனுக்குரிய பட்டத்திலிருந்து வந்தது. ‘மிஸ்’ மணமாகாத பெண்ணைக் குறிப்பது. 2014-இல் ரோஹாம்ப்டன் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ஜெனிஃபர் கோட்ஸ் இந்த ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டியபோது, பிரிட்டனில் அது பெரும் விவாதமானது. அங்கு மணமான ஆசிரியையும் ‘மிஸ்’தான். தமிழக ஆங்கிலவழிப் பள்ளிகள் இந்த இணையை அப்படியே ஏற்றுக்கொண்டன. அந்த அளவுகோலால் பார்த்தால், பெண்ணுக்கும் ‘சார்’ பட்டத்தை அளித்த நெய்யாற்றின்கரை மாணவர்கள் பிரிட்டனைவிட ஒருபடி முன்னே நிற்கிறார்கள் எனலாம். எனினும், உயர்ந்த பதவிக்கு ஆணின் சொல்லே அளவாகிறது என்ற எதிர்வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆங்கிலச் சொற்கள் வருவதற்கு முன் இப்பகுதியில் எழுத்தறிவித்தவர் ‘ஆசான்’. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசானின் பெயரில் அது நிலைத்தது. குமரியில் வர்மமும் சிலம்பமும் கற்பிப்பவரை இன்றும் அப்படியே அழைக்கிறார்கள். ஆசானுக்கு உதவியாக வகுப்பைக் கண்காணித்த மாணவர் ‘சட்டம்பி’. சட்டம்பி சுவாமிகளுக்கு அப்பெயர் வந்தது இப்படித்தான். யாழ்ப்பாணத் தமிழிலோ ‘சட்டம்பியார்’ என்றால் ஆசிரியரே. இன்றைய மலையாளத்தில் அதே சொல் போக்கிரியைக் குறிக்கிறது.

சொற்கள் தம் வழியில் இவ்வாறு இடம் மாறும்போது, ஓர் உத்தரவால் எவ்வளவு செய்ய இயலும் என்பது அடுத்த கேள்வி. 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டம், ஆணையங்களுக்கு முதன்மையாக விசாரிக்கும், பரிந்துரைக்கும் அதிகாரத்தையே வழங்குகிறது. செயல்படுத்த வேண்டியது அரசுத் துறை. பெயர்ப்பலகை, சுற்றறிக்கை, அழைப்பிதழ் ஆகியவற்றில் துறையால் ஒரு சொல்லை நிலைநிறுத்த முடியும். வகுப்பில் கையை உயர்த்தி ‘சாரே’ என்று அழைக்கும் பாறசாலைச் சிறுமி, எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்று யோசித்து அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்லை.