ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்…

ஜூலை ஆகஸ்ட் வந்தால் அபிராமபுரத்தில் எங்கள் பக்கம் பிளாட்டுக்கு ஒரு பெட்டி எடை போடுவார்கள். வெயிங் மெஷினில் பெட்டி, பக்கத்தில் பருப்புப்பொடி, "இருபத்திமூணு கிலோதாண்டா விடுவான்"னு ஒரு மாமா. 2025-ல் பெட்டி ரெடி, ஆனா விசா இல்லை. மே 27-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை மாணவர் விசாவுக்குப் புது நேர்காணல் தேதி கொடுப்பதையே நிறுத்தி வைத்தது. ஜூன் 18-ல்தான் திரும்ப ஆரம்பித்தார்கள். சோஷியல் மீடியா கணக்கையெல்லாம் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வை என்ற நிபந்தனை வேறு. மூன்று வாரம்தானே என்று தோன்றும். ஆனால் ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் பையனுக்கு அந்த மூன்று வாரம்தான் உயிர்.

எதிர் பிளாட் பையனுக்கு அப்படித்தான் ஆனது. ஐ-20-யில் படிப்பு தொடங்கும் நாள் ஆகஸ்ட் 18. தாமதமாக வருபவர்களுக்குப் பல்கலைக்கழகம் வைத்திருந்த கடைசி நாள் ஆகஸ்ட் 29. ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்துத் தூதரகத்தில் இவனுக்குக் கிடைத்த தேதி ஆகஸ்ட் 26. நேர்காணல் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வரவே சில நாள் ஆகும், 29-ந்தேதி அங்கே போய் நிற்க வாய்ப்பே இல்லை. சரி, ரிஜிஸ்ட்ராருக்கு எழுதி அவகாசம் கேட்போம் என்று எழுதியிருந்தான். "அண்ணா, கிராமர் மட்டும் பாத்துக் குடுங்க" என்று என்னிடம் வந்தது.

கிராமர் அருமை. பிரச்சினை அது இல்லை. ஒரு முழுப் பக்கம், நாலு பெரிய பத்தி. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என் வாழ்நாள் பாக்கியம். சிறுவயது முதலே கம்ப்யூட்டர் மீது எனக்குத் தீராத ஆர்வம்… என் தந்தை மிகுந்த சிரமத்துக்கிடையே வங்கிக் கடன் பெற்று… தவிர்க்க இயலாத சூழ்நிலைகளால் விசாவில் தாமதம் ஏற்பட்டுள்ளது… எனவே என் எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு சிறிது கால அவகாசம் அளித்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதைப் படிக்கும் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்காரரை நினைத்துப் பாருங்கள். சிறிது காலம்னா எத்தனை நாள்? தவிர்க்க இயலாத சூழ்நிலைன்னா என்ன? இந்தப் பையனோட மாணவர் எண் என்ன? மூன்றுக்கும் கடிதத்தில் பதில் இல்லை. அவர் திருப்பிக் கேட்டு எழுதணும், இவன் பதில் போடணும், நடுவில் சனி ஞாயிறு. நம்ம ஆபீஸில் "லாகின் வேலை செய்யல, உடனே பார்க்கவும்" என்று ஒரு வரியில் டிக்கெட் போடுவாங்களே, அதே கதைதான். அது குட்டி, இது நீளம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுக்கு எல்லோரும் பள்ளிக்கூட லீவ் லெட்டரைத் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதுகிற நம்ம வடிவத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. "பொருள்" என்பது என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்வது. "பார்வை" என்பது எந்தக் காகிதத்தை, எந்தத் தேதியை வைத்துக் கேட்கிறேன் என்பது. குமாஸ்தா கோப்பைத் திறக்கத் தேவையான மொத்த விஷயமும் அந்த ரெண்டு வரியில் இருக்கு. நம்ம பையன் அந்த ரெண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, கீழே இருந்த "தாழ்மையுடன்", "ஆவன செய்யுமாறு" ரெண்டையும் மட்டும் பத்திரமாக அமெரிக்கா வரைக்கும் கொண்டு போயிருந்தான் :)

நிற்க. இன்னொரு விஷயம், இது கிராமரில் தெரியாது. ரிஜிஸ்ட்ராரால் தாமதமாக வகுப்பில் சேர அனுமதிக்க முடியும், ஐ-20 தேதியை மாற்ற முடியாது. அது சர்வதேச மாணவர் அலுவலகத்தில், அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி செவிஸ் என்கிற அரசுக் கணினியில் செய்ய வேண்டிய வேலை. தொடங்கும் நாளிலிருந்து 30 நாளுக்குள் மாணவன் வந்துவிட்டான் என்று அதில் பதிய வேண்டும். ரிஜிஸ்ட்ரார் சரி என்று சொல்லியும் பழைய தேதி போட்ட ஐ-20-யோடு போய் இறங்கினால், விமான நிலையத்தில் அதிகாரி கேள்வி கேட்பார். அதனால் ஒரே கடிதம் ரெண்டு பேருக்கும் போகணும். திருத்திய ஐ-20 மின்னஞ்சலிலேயே வந்துவிடும்.

ராத்திரி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து மாற்றினோம். மாற்றியது இது:

"பொருள்: செப்டம்பர் 8 வரை தாமதமாக வந்து சேர அனுமதி, மாணவர் எண், எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ்.

வணக்கம். எனக்கு வந்து சேரக் கடைசி நாள் ஆகஸ்ட் 29. அதை செப்டம்பர் 8 வரை நீட்டித்துத் தர முடியுமா?

சென்னைத் தூதரகத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேர்காணல் தேதி ஆகஸ்ட் 26. அதன் உறுதிச்சீட்டை இணைத்திருக்கிறேன். செப்டம்பர் 3-க்குள் விசா கிடைத்தால் 6-ந்தேதி அங்கே இருப்பேன். கிடைக்காவிட்டால் அன்றே தெரிவித்து, ஜனவரி பருவத்துக்கு மாற்றிக்கொள்ளக் கேட்பேன்.

அனுமதித்தால் ஐ-20 தேதியும் மாற வேண்டும் என்பதால் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் நகல் அனுப்புகிறேன். திருத்திய ஐ-20-ஐ நேர்காணலுக்கு எடுத்துப் போக வேண்டும், அதனால் ஆகஸ்ட் 15-க்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி. தங்கள் நேரத்துக்கு நன்றி."

செப்டம்பர் 8 சும்மா குத்துமதிப்பாகப் போட்ட தேதி இல்லை. ஆகஸ்ட் 18-லிருந்து 30 நாள் எண்ணினால் செப்டம்பர் 17 வருகிறது. 8 அதற்கு உள்ளே இருக்கிறது, வகுப்பும் ரொம்பப் போயிருக்காது. "முடிந்தவரை சீக்கிரம்" என்று எழுதினால் அவர் என்ன முடிவு எடுப்பார்? ஜனவரி வரியும் அப்படித்தான். நேர்காணல் முடிந்தும் கூடுதல் பரிசீலனை என்று சில பேரை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள், அதை யாராலும் முன்கூட்டி சொல்ல முடியாது. அப்படி ஆனால் இவன் சீட்டைப் பிடித்துக்கொண்டு தொங்க மாட்டான் என்று அவர்களுக்கு முன்னாடியே தெரிந்துவிடுகிறது.

பையனோட அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் நோட் எழுதியவர். "என்னப்பா மொட்டையா இருக்கு? கடன் வாங்கினதை எழுதவே இல்லையே. அதுவும் பெரிய ஆபீசருக்கு நாமளே தேதி குறிக்கிறதா? திமிர் பிடிச்சவன்னு நினைக்க மாட்டானா?"

அவர் பயம் நியாயமானதுதான். நம்ம ஊரில் கேட்கிற இடத்தில் இருப்பவன் குனிந்து காட்டணும், அது பழக்கம். ஆனால் கடன் கதை எழுதினால் ரிஜிஸ்ட்ராரை நாம் தர்மசங்கடத்தில் மாட்டிவிடுகிறோம். கடன் வாங்காத பையனுக்கு அவகாசம் கிடையாதா? விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அவர் பார்க்க வேண்டியது தேதியும் சீட்டும்தான். பதில் தேதிக்கும் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கிறோம், காரணம் இல்லாமல் தேதி மட்டும் போட்டிருந்தால் அவர் சொல்வது சரி. ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவர் கட்சி. வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி மாதிரி காரணமாக இருந்தால் அதை மறைக்கக் கூடாது, ஒரு வரியில் சொல்லி சான்றிதழை இணைக்கணும்.

கடைசியில் ஒரு சமரசம். "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பிக்க வேண்டும் என்றார். ரிஜிஸ்ட்ரார் ஒரு அம்மணி என்று பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப பேரையே போட்ரு, ஸ்பெல்லிங் மட்டும் சரியா இருக்கணும்" என்றார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது, நாலு வரி. செப்டம்பர் 8 சரி, முதல் ரெண்டு வாரப் பாடத்துக்கு ஆசிரியர்களிடம் நீயே எழுதிக் கேட்டுக்கொள், புது ஐ-20 தனியாக வரும். பையன் உடனே ஆசிரியர்களுக்கு எழுத உட்கார்ந்தான். முதல் வரி, "தங்கள் புகழ்பெற்ற வகுப்பில்…"