நல்லபடியாகப் போனவன் திரும்பி வரக் கேட்கிறான்

ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரைக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் வேலை பார்த்துவிட்டு 2022 ஆகஸ்டில் ஐதராபாத்துக்குப் போன திருப்போரூர்ப் பையன் ஒருவன், திரும்பச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று மெயில் அனுப்பியிருக்கிறான். நல்ல பையன். நோட்டீஸ் காலம் முழுவதும் வந்தான், தன் வேலையை அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தான், பதிவேடு ஒன்றைக்கூடப் பாதியில் விடவில்லை. வழியனுப்பிய அன்று கேக் வெட்டி, "எப்ப வேணும்னாலும் வாப்பா, உனக்கு இங்க கதவு திறந்தே இருக்கும்" என்று மேலிருந்து கீழ்வரை எல்லோரும் சொன்னார்கள். இப்போது அவன் கதவைத் தட்டுகிறான். திறக்கத்தான் ஆளில்லை.

மெயிலை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினேன். "போர்ட்டல்ல ஃப்ரெஷ்ஷா அப்ளை பண்ணச் சொல்லுங்க சார்" என்று பதில் வந்தது. அங்கே இருப்பவர்கள் புதியவர்கள். 2022-ல் இருந்தவர்களில் ஒருவரும் இப்போது இல்லை. கம்ப்யூட்டரில் அவன் பெயருக்கு எதிரே இருப்பது 'ராஜினாமா' என்ற சொல்லும் ஒரு தேதியும்தான். எங்கள் விலகல் படிவத்தில் 'இவரை மீண்டும் எடுக்கலாமா' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'ஆம்' என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் ஏதோ ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. கம்ப்யூட்டரில் யாரும் ஏற்றவில்லை. பெரிய ஐ.டி. கம்பெனிகளில் இந்த ஒரு குறிப்புதான் முதலில் பார்க்கப்படுகிறது. ஆள் விலகும்போதே அதைப் பதிந்து வைத்துவிடுகிறார்கள், திரும்பி வருகிறவர்களைத் தனி வரிசையில் பார்க்கிறார்கள். எங்களைப் போன்ற நடுத்தரக் கம்பெனிகளில் நல்லபடியாகப் போனவனும் சொல்லாமல் ஓடிப்போனவனும் ஒரே பட்டியலில் கிடக்கிறார்கள். 2020 ஊரடங்கில் மருந்துக் கம்பெனிகள் மூடவில்லை. பஸ் இல்லாத அந்த நாட்களில் இந்தப் பையன் பைக்கில், வழியில் நிறுத்திய இடத்தில் எல்லாம் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு ஷிப்டுக்கு வந்தான். அதற்கும் எந்தக் காகிதத்திலும் பதிவில்லை.

கம்பெனி மேல் எவ்வளவு வருத்தமோ, அவன் மெயில் மேலும் அவ்வளவு வருத்தம் இருக்கிறது. நான்கு வரி. நலமா சார், உங்களையும் கம்பெனியையும் மிகவும் மிஸ் பண்ணுகிறேன், குடும்பச் சூழ்நிலையால் சென்னைப் பக்கம் வர விரும்புகிறேன், தயவுசெய்து பரிசீலிக்கவும். பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை நான் மேலே அனுப்பினால், அவனைத் தெரியாத ஒருவருக்கு அதில் என்ன இருக்கிறது? பழைய பணியாளர் எண் இல்லை, சேர்ந்த தேதி, விலகிய தேதி இல்லை. இப்போது என்ன வேலை, எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் அவன் ஜீடிமெட்லாவில் இரண்டு வருஷமாகப் பார்ப்பது நைட்ரோசமைன் மாசு சோதனை. அதை நான் போன் போட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2018-ல் வால்சார்டன் மாத்திரைகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்களே, அதிலிருந்து எல்லா மருந்துக் கம்பெனிகளுக்கும் தலைவலியாக இருக்கும் சோதனை அது. எங்களிடம் அதற்கான கருவியும் இல்லை, தெரிந்த ஆளும் இல்லை, மாதிரிகளை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்கிறோம். கருவி வாங்கும் பேச்சு நடக்கிற நேரத்தில் அந்த வேலை தெரிந்தவன் 'மிஸ் பண்ணுகிறேன்' என்று மட்டும் எழுதுகிறான்!

எங்கள் ஊழியர்கள் இப்படிப்பட்ட மெயிலை ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். அதன் விஷயத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருந்திருக்க வேண்டும்:

"சார், நான் 2018 மார்ச் 1 முதல் 2022 ஆகஸ்ட் 12 வரை உங்கள் ஆய்வகத்தில் பகுப்பாய்வாளராக இருந்தேன். பணியாளர் எண் இது. நோட்டீஸ் முழுவதும் முடித்து, பாக்கியில்லாச் சான்றும் விடுவிப்புக் கடிதமும் பெற்று விலகினேன், இரண்டையும் இணைத்திருக்கிறேன். கரைதிறன் சோதனையில் தொடங்கி எச்.பி.எல்.சி. வரை பார்த்தேன். அன்று சம்பளத்துக்காகவும் புதுக் கருவிகளில் பழகவும் ஐதராபாத் சென்றேன். இப்போது நைட்ரோசமைன் சோதனையைத் தனியாகச் செய்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள திருப்போரூரிலேயே இருக்க வேண்டியிருக்கிறது, மீண்டும் வெளியூர் போகும் எண்ணம் இல்லை. இங்கே நோட்டீஸ் 60 நாள். பொருத்தமான இடம் இப்போது இருக்கிறதா அல்லது பின்னர் வருமா என்று தெரிவித்தால் நேரில் வந்து பேசுகிறேன்."

அவ்வளவுதான். இதில் கெஞ்சல் இல்லை, இப்போதைய கம்பெனியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ஏன் போனான் என்பதை மறைக்கவும் இல்லை. போன காரணத்தைச் சொல்லாமல் விட்டால், மறுபடி அதே காரணத்துக்காகப் போவானோ என்ற கேள்வி படிப்பவர் மனதில் உட்கார்ந்துவிடும். சம்பளத்தை முதல் மெயிலில் பேசவே கூடாது. இன்னொன்று, இதைச் சொந்த மெயிலிலிருந்து அனுப்ப வேண்டும். அவன் அனுப்பியதோ ஜீடிமெட்லா கம்பெனியின் முகவரியிலிருந்து. இங்கே சரி என்று ஆவதற்குள் அங்கே யாராவது பார்த்தால் என்ன ஆகும்?

தேதிகளை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. மருந்துக் கம்பெனியில் பழைய ஆள் என்பதற்காக நேராகப் போய்க் கருவி முன்னால் உட்கார்ந்துவிட முடியாது. உற்பத்திக்கும் பரிசோதனைக்கும் பொறுப்பான தொழில்நுட்பப் பணியாளர் மாறினால் உரிமம் கொடுத்த அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் உள்ள நிபந்தனை. அப்படிப் பொறுப்பு கொடுத்து அவன் பெயரை எழுதும்போது, அனுபவச் சான்றில் ஒரு தேதியும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இன்னொரு தேதியும் இருந்தால் விளக்கம் எழுதியே மாளாது. ஆய்வகத்துக்குள்ளும் பழைய பயிற்சிப் பதிவு செல்லாது. அவன் போன பிறகு செயல்முறைகள் திருத்தப்பட்டிருக்கின்றன, எல்லாவற்றையும் புதிதாகப் படித்துக் கையெழுத்திட வேண்டும். ஒரே மாதிரியை அவனும் தகுதிபெற்ற இன்னொருவரும் தனித்தனியாகச் சோதித்து, இருவர் முடிவும் எல்லைக்குள் ஒத்துப்போனால்தான் அவன் கையெழுத்தில் அறிக்கை வெளியே போகலாம். பழைய ஆளுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கிறார்கள். இது அவசியம், இதில் எனக்குக் குறை இல்லை. தெரிந்த கைக்கு இது சில வாரத்தில் முடியும், புது ஆளுக்கு மாதங்கள் ஆகும். அந்த வித்தியாசத்தைத்தான் மேலே யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

என் ஆதங்கத்தில் பாதி பணிக்கொடை பற்றியது. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் பணிக்கொடை. இவன் பார்த்தது நான்கு வருஷமும் ஐந்து மாதமும். வாரம் ஆறு நாள் வேலை நடக்கும் இடத்தில் ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் முடிந்திருந்தால் அதை முழு வருஷமாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி இன்னும் இரண்டரை, மூன்று மாதம் இருந்திருந்தால் அவனுக்கு உரிமை வந்திருக்கும். கடைசி அடிப்படைச் சம்பளம் 18,000. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு 10,385 ரூபாய், ஐந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 51,900. செட்டில்மென்ட் போட்ட மேசையில் இதை ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. இப்போது திரும்பி வந்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முன்பு பார்த்த நான்கரை வருஷத்தையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனி மனமுவந்து நியமனக் கடிதத்தில் எழுதினால் உண்டு. சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகக் கொடுக்க எந்த முதலாளிக்கும் தடையில்லை. கேட்டேன். "அப்படி வழக்கம் இல்ல சார்" என்றார்கள்.

வைப்பு நிதி விஷயத்தில் இவன் புத்திசாலி. பணத்தை எடுக்கவில்லை, ஒரே யு.ஏ.என். எண்ணில் ஐதராபாத்துக்கு மாற்றிக்கொண்டான். ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து வருஷக் கணக்கில் எங்களிடம் பார்த்த காலமும் சேர்ந்திருக்கிறது. கம்பெனி மாறும் இடைவெளியில் படிவம் 10-சி கொடுத்து ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டவர்களுக்கு அந்தக் காலம் போனது போனதுதான். ஆக, டெல்லியிலிருந்து நடக்கிற ஒரு அலுவலகம் இவன் ஆலத்தூரில் உழைத்த ஒவ்வொரு மாதத்தையும் வைத்திருக்கிறது. உழைப்பை வாங்கிக்கொண்ட கம்பெனி வைத்திருக்கவில்லை.

சம்பளம்தான் கடைசி முடிச்சு, மிகக் கடினமான முடிச்சும். இவன் ஐதராபாத்தில் வாங்குவது 41,000. இவனோடு சேர்ந்து, போகாமல் இங்கேயே இருந்தவர்கள் இன்று வாங்குவது 32,000. இவனுக்கு 41,000 கொடுத்துக் கூட்டிவந்தால், "அப்ப நாங்களும் ஒரு தடவை போயிட்டு வரோம் சார்" என்று அவர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயம். 32,000-தான் என்றால் இவன் வரமாட்டான், வந்தாலும் தங்கமாட்டான். நான் எழுதிக்கொடுத்தது இது: அடிப்படைச் சம்பளம் உடன் சேர்ந்தவர்களுக்கு என்னவோ அதுவே, நைட்ரோசமைன் வேலைக்குத் தனித் திறன்படி. அந்த வேலையை இங்கே இருக்கும் யார் கற்றுத் தகுதி பெற்றாலும் அதே படி அவர்களுக்கும் உண்டு. கற்றுக்கொடுப்பது இவன் பொறுப்பு. இங்கே இருந்தவர்களிடம் இவன் வருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும், சம்பளச் சீட்டு கசிந்த பிறகு சொல்வதில் பயனில்லை.

பையனிடம் மெயிலைத் திருத்தி, விடுவிப்புக் கடிதத்தை இணைத்து, சொந்த முகவரியிலிருந்து மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பழைய விலகல் படிவத்தைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லி மனிதவளப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். இந்த வருஷம் விலகியவர்களின் படிவத்தில் உள்ள அந்தக் கட்டத்தையாவது உடனே கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். முதலாளி ஊரில் இல்லையாம். அவர் வந்து பார்க்கும் வரைக்கும் அந்தப் பையனுக்கு "பார்க்கலாம்பா" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. கேக் வெட்டிய அன்று மட்டும் எல்லோருக்கும் அதிகாரம் இருந்தது.