காயின் விளையாட்டும் காசு வைத்து ஆடும் சூதாட்டமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் சென்ற வாரம் போன் செய்தான். அவனுக்கே இப்போது நாற்பது வயது. "டீச்சர், அம்மா போன்ல ஸ்லாட் மெஷின் கேம் ஆடுறாங்க. காயின்தான், காசு இல்ல. ஜெயிச்சாலும் பணம் கைக்கு வராது. அப்போ அது சூதாட்டம் இல்லதானே?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, பணம் வைத்து ஆடும் ரம்மி ஆப்கள் கடையை மூடின. அதன் பிறகு "இது காயின்தான்" என்ற சொல்லைப் பல வீடுகளில் கேட்கிறேன்.

முதலில் வித்தியாசம் என்ன என்று பார்ப்போம். சூதாட்டம் என்று சொல்ல மூன்று விஷயங்கள் சேர வேண்டும். நாம் ஏதாவது பந்தயம் வைக்க வேண்டும். முடிவு அதிர்ஷ்டத்தின் கையில் இருக்க வேண்டும். ஜெயித்தால் மதிப்புள்ள ஒரு பரிசு கிடைக்க வேண்டும். காயின் விளையாட்டில் முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது இல்லை. ஆயிரம் கோடி காயின் ஜெயித்தாலும் அதை வைத்து ஒரு டீ வாங்க முடியாது. புதிய சட்டமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது: பணம் கட்டி, பதிலுக்குப் பணமோ பலனோ வரும் என்று எதிர்பார்த்து ஆடினால் அது பண விளையாட்டு. அந்தக் கோடு சரியானது என்றே நான் நினைக்கிறேன். பண ரம்மியில் விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கி, கடனை அடைக்க மறுபடி ஆடி அழிந்த குடும்பங்களைத் தமிழ்நாடு நிறையப் பார்த்துவிட்டது. காயின் விளையாட்டில் "விட்டதைப் பிடிக்கலாம்" என்ற அந்தத் தூண்டில் கிடையாது. இரண்டையும் ஒன்று என்று சொல்வது நியாயம் இல்லை.

ஆனால் பையன் கேள்வியில் ஒரு ஓட்டை இருக்கிறது. பணம் கைக்கு வராது என்பது உண்மை. பணம் கையை விட்டுப் போகாது என்று யார் சொன்னது?

இந்த விளையாட்டுகளில் ஆரம்பத்தில் இலவசமாக நிறையக் காயின் தருவார்கள். தீர்ந்துபோனால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு உள்ளே போக வாசல் இருக்கிறது, வெளியே வர வாசல் இல்லை. பண சூதாட்டத்தில் பத்தில் ஒருவராவது அன்றைக்கு லாபத்தோடு எழுந்து போகலாம். இங்கே காசு கட்டிய யாருமே லாபத்தோடு போக முடியாது. ஆகவே இங்கே கட்டும் காசைப் பந்தயம் என்று பார்க்காதீர்கள். பொழுதுபோக்குக்குக் கட்டணம் என்று பாருங்கள். சினிமா டிக்கெட் மாதிரி. அப்படிப் பார்த்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: ஒரு மணி நேரத்துக்கு என்ன கட்டணம்?

அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. வழிமுறை எல்லா ஸ்லாட் விளையாட்டுக்கும் பொருந்தும்.

99 ரூபாய்க்கு 60 லட்சம் காயின் வாங்குகிறோம். நாம் வைக்கும் ஒவ்வொரு 100 காயினுக்கும் மெஷின் சராசரியாக 95 காயின் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் வைத்ததில் நூற்றுக்கு 5 போகிறது. ஒரு சுற்றுக்கு 4 விநாடி.

ஆரம்ப லெவலில் ஒரு சுற்றுக்கு 10,000 காயின் வைக்கிறோம். சராசரியாக ஒரு சுற்றுக்கு 500 காயின் போகும். 60 லட்சம் தீர 12,000 சுற்றுகள் ஆகும். சுமார் 13 மணி நேரம். 99 ரூபாய்க்கு 13 மணி நேரம் என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

லெவல் ஏறுகிறது. புதிய மெஷின் திறக்கிறது. அதில் குறைந்தபட்சமே ஒரு லட்சம் வைக்க வேண்டும். இப்போது ஒரு சுற்றுக்கு 5,000 போகும். அதே 60 லட்சம் 1,200 சுற்றில், 80 நிமிடத்தில் தீரும். இன்னும் மேலே போனால் 10 லட்சம் வைக்க வேண்டிய மெஷின். ஒரு சுற்றுக்கு 50,000 போகும். 120 சுற்று, 8 நிமிடம். அவ்வளவுதான்.

99 ரூபாய் மாறவில்லை. திரையில் 60 லட்சம் என்ற எண்ணும் மாறவில்லை. ஆனால் கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு ரூபாயிலிருந்து 740 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. நமக்கு விலைவாசி ஏறினால் கடைக்காரர் சொல்லும் விலையில் தெரியும். இங்கே விலை அப்படியே இருக்க, காயினின் மதிப்பு கீழே போகிறது. அதனால் ஆடுபவர் கண்ணில் படுவதில்லை. "லெவல் ஏறிட்டேன்" என்று அவர் சந்தோஷப்படும் அதே இடத்தில்தான் கட்டணமும் ஏறுகிறது. இலவசக் காயினும் அப்படித்தான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் 5 லட்சம் போனஸ் முன்பு 50 சுற்றுக்குப் பந்தயமாக வந்தது. 10 லட்சம் மெஷினில் அது ஒரு சுற்றுக்கே போதாது.

இன்னொன்றும் கவனியுங்கள். அசல் சூதாட்டக் கூடத்தில் மெஷின் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முதலாளியின் பெட்டியிலிருந்து போகிறது. உரிமம் பெற்ற கூடங்களில் மெஷின் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதைப் பல நாடுகளில் அரசு சோதிக்கிறது. காயின் விளையாட்டில் நூறு கோடி காயின் ஜாக்பாட் கொடுத்தாலும் கம்பெனிக்கு ஒரு பைசா செலவு கிடையாது. ஆகவே தாராளமாக ஜெயிக்க விடலாம், பிறகு இறுக்கலாம். மேலே நான் 95 என்று போட்டது கூட ஒரு நிலையான எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. இதில் ஆடி ஜெயித்ததைப் பார்த்து "எனக்கு ராசி இருக்கு, காசு வைத்தால் அள்ளிவிடுவேன்" என்று ஒரு பிள்ளை நினைத்தால், அதுதான் எனக்கு மிகப் பெரிய பயம். இங்கே ஜெயிப்பது அங்கே ஜெயிப்பதற்கு அறிகுறி அல்ல என்று இப்படிப்பட்ட பல விளையாட்டுகளின் அறிமுகப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

"வெறும் காயின்தானே, அதற்கு என்ன மதிப்பு?" என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. Big Fish Casino என்ற காயின் விளையாட்டில் ஆயிரம் டாலருக்கு மேல் செலவழித்த ஒரு பெண்மணி வாஷிங்டன் மாநிலத்தில் வழக்குப் போட்டார். கம்பெனி தரப்பு, காயினைப் பணமாக மாற்ற முடியாது, எனவே அது மதிப்புள்ள பொருள் இல்லை என்றது. 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. அந்த மாநிலச் சட்டப்படி, மேற்கொண்டு காசு கட்டாமல் ஆட்டத்தைத் தொடரும் சலுகையும் மதிப்புள்ள பொருளே. காயின் இருந்தால் ஆடலாம், இல்லாவிட்டால் வாங்க வேண்டும் என்றால் அந்தக் காயினுக்கு மதிப்பு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். 2020-ல் 15.5 கோடி டாலர் கொடுத்து அந்த விவகாரத்தைச் சமரசம் செய்துகொண்டார்கள். வேறு மாநிலச் சட்டங்களின் கீழ் வந்த இதே போன்ற வழக்குகளில் கம்பெனிகள் ஜெயித்ததும் உண்டு. எனவே இது உலகம் முழுக்கப் பொருந்தும் விதி இல்லை. ஆனால் அந்த நீதிபதிகள் பிடித்த புள்ளி எனக்குச் சரியாகப் படுகிறது. காயின் தீர்ந்த நேரத்தில் ஆடுபவர் உண்மையில் வாங்குவது காயினை அல்ல, நிறுத்தாமல் இருப்பதை.

சரி, அந்தப் பையனின் அம்மா விஷயத்துக்கு வருவோம். அவர்கள் இருவரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். "எப்போதாவது நூறு ரூபாய்க்கு வாங்குவேன், அவ்வளவுதான்" என்றார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் நூறு ரூபாய்தான். Play Store-ல் மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதற்குள் Budget & history என்று போனால் வாங்கியது எல்லாம் தேதியோடு வரிசையாக இருக்கும். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டியபோது ஐந்து மாதத்தில் 11,000 ரூபாய்க்கு மேல் வந்தது. முதல் மாதத்தில் மூன்று தடவை. கடைசி மாதத்தில் நாற்பதுக்கு மேல். அம்மா மாறவில்லை, அவர் ஆடும் நேரமும் ஏறக்குறைய அதேதான். மெஷின்தான் மாறியிருந்தது.

உங்கள் வீட்டில் யாராவது ஆடினால் போனைப் பிடுங்காதீர்கள், திட்டாதீர்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது ஒரு துணை. காசே கட்டாமல் இலவசக் காயினில் மட்டும் ஆடுபவர்கள்தான் பெரும்பாலோர், அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தப் பட்டியலைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். வாங்கும் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கைரேகையோ பாஸ்வேர்டோ கேட்கும்படி வையுங்கள். அங்கே பட்ஜெட் போடும் வசதியும் உண்டு, ஆனால் அது எச்சரிக்கும், தடுக்காது. தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதன் பிறகு விளையாட்டுக் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். "உங்களிடம் இருக்கும் காயினை நான் காசுக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ யாராவது வந்தால், அந்த நிமிடமே அது காயின் விளையாட்டு இல்லை. வெளியே போகும் வாசல் திறந்துவிட்டது, மேலே சொன்ன மூன்றாவது விஷயமும் சேர்ந்துவிட்டது. சட்டத்தின் தவறான பக்கத்தில் நிற்பீர்கள், ஏமாந்தால் புகார் சொல்லவும் கூசும்.

ஆகவே பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "சூதாட்டம் இல்லப்பா. ஆனா மணிக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்குப் போடு." அம்மாவே இப்போது பழைய 10,000 காயின் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். காசு கட்டுவது நின்றுவிட்டது, ஆட்டம் நிற்கவில்லை.

உங்கள் வீட்டுப் பட்டியலில் கூட்டுத்தொகை எவ்வளவு வந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இங்கே எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.